சிரிப்பு எந்தச் சொல்லில் இருக்கிறது?

(நகைச்சுவைத் தனிப்பேச்சு எழுதுதல்)

நுழைவாயில்

புனே நகரின் சிங்ககட் சாலையில் அழகிய பூங்கா ஒன்று உள்ளது. அதற்குச் சூட்டப்பட்டுள்ள பெயர் பு. ல. தேஷ்பாண்டே பூங்கா என்பதாகும். அப்பெயருக்குரிய புருஷோத்தம் லக்ஷ்மண் தேஷ்பாண்டே (1919–2000) மராத்தி மொழியின் புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர். மக்கள் அவரைச் சுருக்கமாகப் 'பு. ல.' என்றே அழைத்தனர். மும்பையின் நெருக்கமான குடியிருப்பு ஒன்றில் வாழும் நடுத்தரக் குடும்பத்தினரைப் பற்றி அவர் எழுதிய 'படாட்யாச்சீ சாள்' என்னும் நூலை, அவரே பின்னர் மேடையில் நிகழ்த்திக் காட்டினார். அந்தக் குடியிருப்பில் இருந்த அத்தனை பேராகவும் மேடையில் தோன்றியவர் அவர் ஒருவரே.

ஒருவரே பேசும் இத்தகைய பேச்சைத் தனிப்பேச்சு என்கிறோம். தனிப்பேச்சில் பேசுபவருக்குத் துணையாக வேறு நடிகர் இல்லை. சொல்லும், குரலும், இடையிடையே விடும் மௌனமும் மட்டுமே அவருடைய கருவிகள். வீட்டில் நடந்த ஒரு வேடிக்கையான நிகழ்ச்சியை அந்த மூன்று கருவிகளைக் கொண்டு எவ்வாறு தனிப்பேச்சாக மாற்றுவது என்பதை இப்பாடம் படிப்படியாக விளக்குகிறது.

தட்டையான வடிவம்

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டில் நடந்ததாக எழுதிய பத்தி கீழே தரப்பட்டுள்ளது. எளிதாகச் சுட்டிக்காட்டும் பொருட்டு ஒவ்வொரு தொடருக்கும் எண் இடப்பட்டுள்ளது.

(1) எங்கள் பாட்டி திருநெல்வேலியிலிருந்து புனேக்கு வந்திருந்தார். (2) ஒரு நாள் நானும் பாட்டியும் காய் வாங்க மண்டைக்குப் போனோம். (3) மராத்தியில் காய்கறிச் சந்தையை மண்டை என்று சொல்வார்கள். (4) மராத்தியில் 'காய்' என்றால் 'என்ன' என்று பொருள். (5) தமிழில் காய் என்றால் காய்கறி. (6) இது பாட்டிக்குத் தெரியாது. (7) காய்க்காரர் பாட்டியைப் பார்த்து, 'காய்?' என்று கேட்டார். (8) அவர் தமிழில் கேட்கிறார் என்று நினைத்து, பாட்டி 'ஆமாம், காய்' என்று சொன்னார். (9) இப்படியே இருவரும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். (10) அவருக்கு ஒரே ஒரு சொல்தான் தமிழில் தெரியும் என்று பாட்டி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். (11) எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. (12) பாட்டிக்கு மராத்தி தெரியாததால் இப்படி ஆகிவிட்டது.

இப்பத்தியில் இலக்கணப் பிழை இல்லை. நடந்தது முழுவதும் சொல்லப்பட்டுள்ளது. நிகழ்ச்சியும் உண்மையிலேயே வேடிக்கையானதுதான். ஆயினும் இதனை வகுப்பில் படித்தால் சிரிப்பு எழாது. பதினோராம் தொடரில் 'சிரிப்பு வந்தது' என்று எழுதியிருப்பதால் கேட்பவருக்குச் சிரிப்பு வந்துவிடாது. பன்னிரண்டாம் தொடரோ, வந்திருக்கக்கூடிய சிரிப்பையும் பாட்டியின் அறியாமையின் பக்கம் திருப்பிவிடுகிறது. பத்தியைக் கேட்டு முடித்தவர் மனத்தில் எஞ்சுவது, வெளியூரில் மொழி தெரியாமல் விழித்த ஒரு முதியவரின் உருவம் மட்டுமே. பாட்டியை நேசிக்கும் பேரன் எழுத விரும்பியது அதுவன்று.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுகிறது. எள்ளல் என்பது இகழ்ச்சி. மடன் என்பது, ஒன்றை மனத்தில் கொண்டபின் அதனை விடாதிருத்தல் என்று உரைகாரர் விளக்குவர். இந்நிகழ்ச்சியில் உள்ள நகை மடன் என்பதில் பிறப்பதாகும். பாட்டி தாம் கொண்டதை விடவில்லை. கடைக்காரரும் தாம் கேட்டதை விடவில்லை. பன்னிரண்டாம் தொடர் அதனை எள்ளலாக மாற்றிவிட்டது. ஆகவே இதனைத் திருத்துவதில் சிரிப்பை வரவழைப்பது பாதி வேலை. அந்தச் சிரிப்பு பாட்டியின் மீது விழாமல் காப்பது மறுபாதி.

முதற்படி: முத்தாய்ப்பின் இடம்

மிருதங்கம் வாசிப்பவர் தம் வாசிப்பை நிறைவு செய்யும் இறுதிக் கோவைக்கு முத்தாய்ப்பு என்று பெயர். நகைச்சுவையிலும் சிரிப்பை எழுப்பும் இறுதித் தொடரை முத்தாய்ப்பு எனலாம். எழுதத் தொடங்கும்முன் அதனை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மேலே உள்ள பன்னிரண்டு தொடர்களில் முத்தாய்ப்பு எது? கடைக்காரர் 'காய்?' என்று கேட்ட ஏழாம் தொடர் என்று பலர் கூறக்கூடும். அது நல்ல வேடிக்கை. ஆனால் அது முடிவன்று, தொடக்கம். பத்தாம் தொடரிலோ பாட்டி அந்நிகழ்ச்சிக்குத் தாமே ஒரு தீர்ப்பு வழங்குகிறார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியும்; ஆனால் ஒரு சொல் மட்டுமே தெரியும் என்கிறார். மொழி தெரியாதவர் தாம் என்பதை அறியாமல், மற்றவருக்காக அவர் இரக்கப்படுகிறார். இதில் பாட்டி தோற்கவில்லை. ஆகவே இதுவே முத்தாய்ப்பு.

முத்தாய்ப்பு கிடைத்ததும் அதற்குப் பின்னுள்ளவற்றை நீக்க வேண்டும். பதினொன்றாம், பன்னிரண்டாம் தொடர்கள் இவ்வாறே நீங்குகின்றன. பிறகு முத்தாய்ப்புத் தொடருக்குள்ளேயே சிரிப்பு எந்தச் சொல்லில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது 'ஒரே ஒரு சொல்' என்பதில் இருக்கிறது. அச்சொல் காதில் விழுந்த கணத்தில்தான் கேட்பவர் சிரிக்கத் தொடங்குவார். பத்தாம் தொடரில் அதற்குப் பின் எத்தனை சொற்கள் உள்ளன என எண்ணிப் பார்க்கலாம்: தமிழில், தெரியும், என்று, பாட்டி, வீட்டுக்கு, வந்து, அம்மாவிடம், சொன்னார். மொத்தம் எட்டுச் சொற்கள். கேட்பவர் சிரிக்க வாய் திறக்கும்போது பேசுபவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் பேச்சைக் கேட்பதற்காகச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். பேச்சு முடியும்போது சிரிப்பும் தணிந்துவிடுகிறது.

தமிழில் எழுதுபவர் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் வருவது இயல்பு. ஒருவர் கூற்றை எடுத்துரைக்கும்போது 'என்று சொன்னார்' என்பதும் கூற்றுக்குப் பின்னரே வருகிறது. எனவே சிரிப்புச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வால் தானாகவே வளர்ந்துவிடும். அந்த வாலை நீக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, சொல்பவர் பெயரையும் வினையையும் முன்னால் வைத்து, கூற்றைப் பின்னால் வைப்பது: வீட்டுக்கு வந்ததும் பாட்டி அம்மாவிடம் சொன்னார்: "அவருக்குத் தமிழ் ஒரே ஒரு சொல்தான் தெரியும்." இப்போது வால் ஒரே சொல்லாகக் குறைந்துவிட்டது. இரண்டாம் வழி, வினைமுற்றுக்குப் பதிலாகப் பெயரைப் பயனிலையாக ஆக்குவது: "தெரிந்தது ஒரே ஒரு சொல்." இத்தொடரில் எழுவாய் 'தெரிந்தது' என்னும் வினையாலணையும் பெயர், பயனிலை 'ஒரே ஒரு சொல்' என்னும் பெயர். வால் முற்றிலும் மறைந்தது. எட்டுச் சொற்களிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து சுழியம்.

இரண்டாம் படி: விதை ஊன்றுதல்

முத்தாய்ப்பு இறுதியில் நிற்க வேண்டுமாயின், அதனைப் புரிந்துகொள்ளத் தேவையான செய்தி முன்பே கேட்பவரிடம் இருக்க வேண்டும். திருநெல்வேலியில் உள்ள உறவினர்களிடம் இத்தனிப்பேச்சை நிகழ்த்துவதாகக் கொள்வோம். அவர்களுக்கு மராத்தி தெரியாது. 'காய்' என்றால் 'என்ன' என்பதை அவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நான்காம் தொடரும் அதனைத்தான் செய்கிறது. அதன் குறை, செய்தியைச் சொன்னதில் இல்லை. சொன்ன இடத்திலும் விதத்திலும் இருக்கிறது. நான்கு, ஐந்து, ஆறு ஆகிய தொடர்களைக் கேட்டவுடன், அடுத்து என்ன நடக்கும் என்பதைக் கேட்பவர் ஊகித்துவிடுகிறார். ஏழாம் தொடர் வரும்போது அவருக்கு வியப்பு இல்லை.

விதையை ஊன்றும்போது இரண்டு விதிகளைப் பின்பற்ற வேண்டும். ஒன்று, முத்தாய்ப்புக்கும் விதைக்கும் இடையே போதிய தொலைவு இருக்க வேண்டும். மற்றொன்று, விதை விதையாகத் தெரியக் கூடாது; அது வேறு ஏதோ ஒன்றைச் சொல்வதுபோல் இருக்க வேண்டும். இம்மாணவனின் பேச்சில், புனே மக்கள் சுருக்கமாகப் பேசுவதைப் பற்றிய ஒரு விளையாட்டான குறிப்பாக அது முதல் வரியிலேயே அமையலாம். கதவைத் தட்டினால் உள்ளிருந்து 'காய்?' என்று குரல் வரும் என்பது அக்குறிப்பு. கேட்பவர் அதனை ஊரைப் பற்றிய வேடிக்கையாக எடுத்துக்கொள்வார். சொல்லின் பொருள் மட்டும் அவர் நினைவில் தங்கிவிடும்.

தமிழில் காய் என்றால் காய்கறி என்று கூறும் ஐந்தாம் தொடர் தமிழருக்குத் தேவையே இல்லை. பாட்டிக்கு மராத்தி தெரியாது என்னும் ஆறாம் தொடரையும் நேரடியாகச் சொல்ல வேண்டுவதில்லை. "நான் வந்து ஆறு வருடம், பாட்டி வந்து ஆறு நாள்" என்றால் போதும்.

மூன்றாம் தொடரில் உள்ள 'மண்டை' என்பதை என்ன செய்வது? சந்தையைக் குறிக்கும் மராத்திச் சொல் தமிழர் செவியில் ஏறத்தாழ 'மண்டை' என்றே ஒலிக்கிறது. நகரின் நடுவே எட்டுப் பட்டை அமைப்புடன் 1886-இல் திறக்கப்பட்ட சந்தைக் கட்டடம், இன்று மகாத்மா புலே மண்டை என வழங்குகிறது. இதுவும் ஒரு சொல் விளையாட்டு; ஆனால் சிறியது. சிறிய வேடிக்கை பெரிய வேடிக்கைக்குப் பின்னால் வந்தால் சப்பென்று இருக்கும். முன்னால் வந்தால் பெரியதற்கு வழிவிடும். இந்த ஊரில் தமிழ்போல் ஒலிக்கும் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கக்கூடும் என்பதை, 'காய்' என்னும் சொல்லைத் தொடாமலேயே அது கேட்பவருக்குப் பழக்கிவிடுகிறது. எனவே அதனை முன்னால் வைத்து ஒரே வரியில் முடித்துவிட வேண்டும்.

மூன்றாம் படி: சொல் தேர்வு

தட்டையான பத்தியில், கடைக்காரர் 'காய்?' என்று கேட்பதற்கு முன்பே அந்த ஒலி ஆறு முறை வந்துவிடுகிறது: காய் வாங்க, காய்கறிச் சந்தை, 'காய்' என்றால், தமிழில் காய், காய்கறி, காய்க்காரர். நெருக்கமாக ஆறு முறை கேட்ட ஒலி ஏழாம் முறை புதிதாக இராது. எனவே விதையைத் தவிர வேறெங்கும், கடைக்காரர் வாய் திறக்கும்வரை அவ்வொலி வரக் கூடாது. காய்க்காரர் 'ஒரு பெரியவர்' ஆகிறார். 'காய் வாங்க' என்பது நீங்குகிறது. கடையில் குவிந்திருப்பவை கத்தரிக்காய், வெண்டைக்காய் அல்ல. வெண்டை, அவரை, முருங்கை.

பொதுச்சொல்லைவிடக் குறிப்பான சொல் காட்சியைக் கண்முன் நிறுத்தும். 'கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்' என்பதில் எதுவும் தெரியவில்லை. 'அவர் தராசைக் கீழே வைத்தார்' என்பதில் கடைக்காரரின் குழப்பம் முழுவதும் தெரிகிறது.

சிறிய செயலுக்குப் பெரிய சொல்லைச் சூட்டுவது மற்றொரு வழி. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) இதில் வல்லவர். நந்தனார் சரித்திரத்தைப் பாகவதர்கள் கதாகாலட்சேபமாக நிகழ்த்திய அதே பெருமிதமான முறையில், அவர் 'கிந்தனார்' என்னும் நகைச்சுவைக் காலட்சேபத்தை நிகழ்த்தினார். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' திரைப்படத்தில் அது இடம்பெற்றது. வடிவம் பெரியது, பொருள் எளியது. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் சிரிப்பு பிறக்கிறது. அதே முறையில், அரைக் கிலோ வெண்டை வாங்கியதை 'இரு மாநிலங்களுக்கு இடையே நடந்த பேச்சுவார்த்தை' எனலாம். ஆனால் இத்தகைய அலங்காரம் ஒரு பேச்சில் ஒரு முறையே வர வேண்டும். இரண்டாம் முறை வந்தால், பேசுபவர் தம் சாமர்த்தியத்தைக் காட்டுகிறார் என்னும் எண்ணம் தோன்றிவிடும்.

இறுதியாக, ஒவ்வொருவர் வாயிலும் அவரவர் சொல்லே வர வேண்டும். 'சொல்' என்பது நல்ல தமிழ். ஆனால் திருநெல்வேலிப் பாட்டி பேச்சில் அதனைப் பயன்படுத்த மாட்டார். அவர் 'வார்த்தை' என்பார். 'பேசுகிறார்' என்பதைப் 'பேசுதாரு' என்பார். முத்தாய்ப்பு பாட்டியின் கூற்றாக இருப்பதால், அது அவர் மொழியிலேயே இருக்க வேண்டும்.

நான்காம் படி: காலமும் மௌனமும்

மேடையில் பேசுவதற்கான எழுத்தில் நிறுத்தங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். இப்பாடத்தில் ஒரு சாய்கோடு ( / ) மனத்துக்குள் 'ஒன்று' என எண்ணும் அளவுள்ள நிறுத்தத்தையும், இரண்டு சாய்கோடுகள் ( // ) 'ஒன்று, இரண்டு' என எண்ணும் அளவுள்ள நிறுத்தத்தையும் குறிக்கின்றன.

நிறுத்தம் முத்தாய்ப்புக்கு முன்னரும் வரும், பின்னரும் வரும். முன்னர் வரும் நிறுத்தம் சிறியது; கேட்பவரை அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கச் செய்கிறது. பின்னர் வரும் நிறுத்தம் சிரிப்புக்கு உரியது. சிரிப்பு எழுந்து உச்சத்தை அடைந்து தணியத் தொடங்கும்போது அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். முற்றிலும் அடங்கும்வரை காத்திருந்தால் பேச்சு தளர்ந்துவிடும். சிரிப்பு எழவில்லையென்றால் காத்திருக்கவே கூடாது. உடனே மேலே செல்ல வேண்டும். காத்து நிற்பது, 'இங்கே நீங்கள் சிரித்திருக்க வேண்டும்' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஒன்பதாம் தொடர், இருவரும் மாறி மாறிப் பேசியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறது. உண்மையில் அதுவே நடித்துக் காட்ட வேண்டிய பகுதி. 'காய்?' என்னும் சொல் மூன்று முறை வரட்டும். முதல் முறை அது கேள்வி. இரண்டாம் முறை ஐயம். மூன்றாம் முறை திகைப்பு. ஒரே சொல் மூன்று குரலில் ஒலிக்க வேண்டும். நான்காம் முறை வந்தால் கேட்பவர் சலிப்படைவார். ஏனெனில் அதில் புதிய உணர்ச்சி எதுவும் இல்லை.

திருத்திய வடிவம்

புனேயில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: 'காய்?' / 'என்ன?' என்று அர்த்தம். 'வாங்க' கிடையாது. 'உட்காருங்க' கிடையாது. / 'காய்?' // எனக்குப் பழகிவிட்டது. நான் வந்து ஆறு வருடம். / பாட்டி வந்து ஆறு நாள்.

இந்த ஊரில் சந்தைக்கு 'மண்டை' என்று பெயர். ஏழாம் நாள் காலையில் அம்மா சொன்னார்: "அத்தை, பேரனோட மண்டைக்குப் போயிட்டு வாங்க." / பாட்டி தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். //

வழியெல்லாம் பாட்டி எனக்கு ஒரே அறிவுரை: "நீ பையைப் பிடி. பேச்சை நான் பாத்துக்கிடுதேன். நாப்பது வருசமாச் சந்தையில பேரம் பேசுதவ நான்."

மண்டைக்குள் நுழைந்தோம். வெண்டை, அவரை, முருங்கை எல்லாம் மலைபோல் குவிந்திருந்தன. மலைக்குப் பின்னால் ஒரு பெரியவர். அவர் பாட்டியைப் பார்த்தார். / "காய்?"

பாட்டியின் முகம் மலர்ந்தது. // "ஆமா. காய்."

அவர் சற்று முன்னால் குனிந்தார். "காய்?"

"காய்தான்!"

அவர் தராசைக் கீழே வைத்தார். // "காஆய்?"

பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். / நான் பையைப் பிடித்துக்கொண்டேன். //

இரு மாநிலங்களுக்கு இடையே நடந்த அந்தப் பேச்சுவார்த்தை, கடைசியில் விரலால் காட்டியதில், அரைக் கிலோ வெண்டையில் சுமுகமாக முடிந்தது.

வீட்டில் அம்மா கேட்டார்: "கடைக்காரர் எப்படி, அத்தை?"

பாட்டி சொன்னார்: "தங்கமான மனுசன். என்கிட்ட தமிழ்லதான் பேசுதாரு. / பாவம், // தெரிஞ்சது ஒரே ஒரு வார்த்தை."

இவ்வடிவத்தில் ஒரு புதிய செய்தி சேர்ந்துள்ளது. பேரனுக்கு இரு மொழியும் தெரியுமே, அவன் ஏன் குறுக்கிட்டு விளக்கவில்லை என்று கேட்பவர் ஐயுறக்கூடும். அந்த ஐயம் எழுந்தால் சிரிப்பு தடைப்படும். 'நீ பையைப் பிடி' என்னும் பாட்டியின் கட்டளை அதற்கு முன்கூட்டியே விடை தந்துவிடுகிறது. 'நான் பையைப் பிடித்துக்கொண்டேன்' என்னும் வரி அதனை நினைவூட்டிச் சிரிப்பும் எழுப்புகிறது. யாரும் முட்டாளாக்கப்படவில்லை என்பதும் காணத்தக்கது. பெரியவர் தம் மொழியில் சரியாகவே கேட்டார். பாட்டி தம் மொழியில் சரியாகவே விடையளித்தார்.

மராத்தி நண்பர்களிடம் கூறும்போது

இதே நிகழ்ச்சியை வகுப்பிலுள்ள மராத்தி நண்பர்களிடம் அவர்கள் மொழியில் கூறினால் என்ன ஆகும்? முதல் வரி அவர்களுக்குப் புதிதன்று. 'காய்' என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது தமிழ்ப்பொருள். எனவே விதை இடம் மாறுகிறது. 'எங்கள் வீட்டில் காலையில் எழுந்ததும் பாட்டி அடுப்படியைப் பார்த்துக் கேட்பது ஒன்றே: இன்றைக்கு என்ன காய்?' என்று தொடங்கி, சமைக்கும் கறியை அச்சொல் குறிக்கிறது என்பதைப் போகிற போக்கில் உணர்த்திவிட வேண்டும். 'மண்டை' வேடிக்கையும், தமிழில் அது தலையைக் குறிக்கும் என்று முன்பே சொல்லாவிடில், அவர்களிடம் எடுபடாது. அதனை விட்டுவிடுவதே நலம். முத்தாய்ப்பு மட்டும் இரு அவையிலும் மாறுவதில்லை.

பிழையைக் கண்டறிதல்

எழுதியதை ஒரு நண்பரிடம் சொல்லிப் பார்த்தால் பிழை இருக்குமிடம் தெரிந்துவிடும். முத்தாய்ப்புக்கு முன்பே அவர் புன்னகைத்தால், விதை மிக அருகில் இருக்கிறது. அதனைத் தொலைவுக்கு நகர்த்த வேண்டும். முத்தாய்ப்புக்குப் பின் 'ஏன்?' என்று கேட்டால், விதை ஊன்றப்படவில்லை அல்லது அது அவர் காதில் விழவில்லை. சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டால், சிரிப்புச் சொல்லுக்குப் பின்னால் வால் இருக்கிறது. எதுவுமே நேரவில்லை என்றால், இறுதிச் சொல் கேட்டிருக்காது. தொடரின் முடிவில் குரல் தாழ்வது தமிழ்ப் பேச்சில் இயல்பு. ஆனால் சிரிப்பு இருப்பது இறுதிச் சொல்லில். அதனைத் தாழ்த்தாமல், விரைவின்றி, முழுமையாக ஒலிக்க வேண்டும்.

சொற்பொருள்

எள்ளல் – இகழ்ந்து நகைத்தல்
மடன் – கொண்டதை விடாதிருத்தல்
முத்தாய்ப்பு – நிறைவுக் கோவை. இங்கு, சிரிப்பை எழுப்பும் இறுதித் தொடர்
கதாகாலட்சேபம் – இசையோடு கதை சொல்லும் மேடைக்கலை
பயனிலை – தொடரில் எழுவாய் கொண்டு முடியும் சொல்

பயிற்சி

1. திருத்திய வடிவத்தில் 'ஆறு வருடம்', 'ஆறு நாள்' என்னும் தொடர்களின் வரிசையை மாற்றிப் படித்துப் பார்க்க. எது சிரிப்பைத் தருகிறது? காரணம் கூறுக.

2. கீழ்க்காணும் தொடர்களில் சிரிப்புச் சொல்லைக் கண்டறிந்து, அது இறுதியில் வருமாறு மாற்றி எழுதுக.
(அ) குடையை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று மழையில் முழுவதும் நனைந்து வந்த மாமா, குடை பழுது பார்ப்பவர், எங்களிடம் சொன்னார்.
(ஆ) தாத்தா தொலைத்துவிட்டதாகத் தேடிய கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்ததைத் தங்கை கண்டுபிடித்துச் சொன்னாள்.

3. பின்வரும் நிகழ்ச்சியைத் திருநெல்வேலி உறவினர்களுக்கான தனிப்பேச்சாக மாற்றி, நிறுத்தக் குறிகளுடன் எழுதுக.
மராத்தியில் நெய்யைத் 'தூப்' என்பார்கள். மாமா புனேயில் ஓர் உணவகத்துக்குப் போனார். பரிமாறுபவர் சிறு கிண்ணத்துடன் வந்து, 'தூப்?' என்று கேட்டார். வாயில் சோற்றுடன் இருந்த மாமா, துப்பச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். சோறு நன்றாகத்தானே இருக்கிறது என்று அவரிடம் கோபப்பட்டார். பிறகு உண்மை தெரிந்ததும் மூன்று கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.
(குறிப்பு: விதை எங்கே? முத்தாய்ப்பு எது? 'மூன்று கரண்டி' எந்த இடத்தில் வர வேண்டும்?)

4. எழுதிய தனிப்பேச்சை ஒரு முறை தமிழ் உறவினரிடமும், மற்றொரு முறை மராத்தி நண்பரிடமும் நிகழ்த்துக. இரண்டு முறையும் சிரிப்பு எந்தச் சொல்லில் எழுந்தது என்பதைக் குறித்துவந்து வகுப்பில் கூறுக.